பாடமே இல்லாம குழந்தை எப்படி பேசக் கத்துக்குது, பெரியவங்க அதுல எதை எடுத்துக்கலாம்?

கேள்வி: காரைக்குடில சின்னதா ஒரு மெஸ் வச்சிருக்கேன். எங்க அக்கா மகளுக்கு ரெண்டு வயசு, யாரும் சொல்லிக்குடுக்காமலே வாயாடுறா. நான் மாசக்கணக்கா ஆப்ல ஹிந்தி படிக்கிறேன், ஆனா கிச்சன்ல வேலை பாக்குற ஆக்ரா பசங்க ரெண்டு பேருகிட்ட ஒரு வாக்கியம் முழுசா வர மாட்டேங்குது. குழந்தைங்க பாடமே இல்லாம எப்படி கத்துக்குதுங்க? அதுல நாம எதைக் காப்பி அடிக்கலாம்?

பதில்:

தம்பி, பாடம் இல்லைன்னு சொல்றது பாதிதான் உண்மை. பாடம்ங்கிற பேரு இல்ல, அவ்வளவுதான். நாள் பூரா ஒண்ணு நடந்துக்கிட்டே இருக்கு, நடத்துறவுகளுக்கே அது தெரியாது. நம்ப முடியலைன்னா உங்க அக்கா மகளுக்கு உங்க அம்மா காலைல ஊட்டிவிடுறப்ப பக்கத்துல உக்காந்து, என்ன ஊட்டுறாகன்னு பாக்காம என்ன பேசுறாகன்னு மட்டும் கேளுங்க. நான் குழந்தைங்க பேச்சை ரெக்கார்ட் பண்ணி எழுதுற வேலையில இருக்கிறவ. நம்ம பக்கத்து வீடுகள்ல ஒரு ஆயா பேத்திக்கு வெள்ளைப் பணியாரம் ஊட்டுறப்ப வர்ற பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"பணியாரம் வேணுமா? இந்தா பணியாரம். பணியாரத்தைப் பிச்சுத் தரவா? இரு, பிக்கிறேன். பிச்சாச்சு. பணியாரம் சுடுதா? ஊதித் தரவா? பணியாரத்துல சீனி போடவா? என்ன, பணியாரத்துக்குச் சீனி வேணாமா?"

அரை நிமிஷப் பேச்சு. குழந்தை இடையில ஒரு வார்த்தை பேசியிருக்காது, தலையை ஆட்டியிருக்கும், இல்லன்னா வாயைத் திறந்திருக்கும். ஆனா அந்த அரை நிமிஷத்துல என்ன நடந்துருக்குன்னு பாருங்க. பணியாரம் அப்படியே நிக்குது, அதோட வால் மட்டும் மாறுது, த்தை, த்துல, த்துக்கு. இன்னொரு பக்கம் பிச்சுத் தரவா, பிக்கிறேன், பிச்சாச்சு, ஒரே வேலை செய்யிறதுக்கு முன்னாடி, செய்யிறப்ப, செஞ்சு முடிச்சப்பறம்னு மூணு உருவத்துல வருது, ஒவ்வொண்ணும் வர்ற நேரத்துல அந்த வேலையும் கண்ணு முன்னாடி அதே கட்டத்துல நிக்குது. பள்ளிக்கூடத்துல வேற்றுமை உருபு, காலம்னு நாம மனப்பாடம் பண்ணுனது பூரா இதுக்குள்ள இருக்கு. யாரும் விளக்கம் சொல்லல, ஆனா எது மாறாம நிக்குது எது மாறுதுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டியாச்சு.

இதை நான் வாக்கியக் கொத்துன்னு சொல்லுவேன். ஒரே நோக்கத்துக்காக அடுத்தடுத்து வர்ற வாக்கியங்க, ஒவ்வொண்ணும் முந்தினதுல இருந்து கொஞ்சமா மாறி வரும். 1996ல ஐலின் குன்டாய், டான் ஸ்லோபின்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க ஒரு துருக்கிய அம்மா தன் குழந்தைகிட்ட பேசுறதை எடுத்துவச்சு இதைத்தான் விரிவா எழுதுனாங்க. துருக்கி மொழியும் நம்ம தமிழ் மாதிரிதான், சொல்லுக்குப் பின்னாடி வாலு வாலா ஒட்டிக்கிட்டே போற மொழி. அப்படிப்பட்ட மொழில ஒரு சொல் எங்க முடியுது வால் எங்க ஆரம்பிக்குதுன்னு குழந்தை கண்டுபிடிக்கணும்னா இந்த மாதிரி கொத்து ரொம்ப உதவும். குழந்தைக்கு மட்டும் இல்ல, 2008ல ஒனிஸும் அவரோட கூட்டாளிங்களும் பெரியவங்களுக்கு ஒரு கற்பனை மொழியைக் கேக்க வச்சுப் பாத்தாங்க. பொதுவான சொல் உள்ள வாக்கியங்க அடுத்தடுத்து வர்ற மாதிரி அடுக்கிக் கேட்டவங்க, அதே வாக்கியங்களைக் கலைச்சுப் போட்டுக் கேட்டவங்களைவிட நல்லா பிடிச்சுக்கிட்டாங்க. உங்க ஆப் என்ன பண்ணுது? ஆப்பிளுக்கு ஒண்ணு, ரயிலுக்கு ஒண்ணு, என் மாமாவுக்கு ரெண்டு பூனை இருக்குன்னு ஒண்ணு, அது கலைச்சுப் போடுற கூட்டம். அதான் மாசக்கணக்கா படிச்சும் நாக்குல எதுவும் உக்காரல.

கொத்துக்கும் முன்னாடி ஒரு படி இருக்கு. நாம எழுதுறப்ப சொல்லுக்குச் சொல் இடம் விடுறோம், பேசுறப்ப அப்படி விடுறதில்ல, "பணியாரம்வேணுமா"ன்னு ஒரே மூச்சாதான் வருது. இதுல எது ஒரு சொல்லுன்னு பால் குடிக்கிற குழந்தைக்கு எப்படித் தெரியும்? 1996லயே ஜென்னி சாஃப்ரனும் கூட இருந்தவங்களும் எட்டு மாசக் குழந்தைங்களை வச்சுப் பாத்தாங்க. அர்த்தமே இல்லாத மூணசைச் சொல் நாலைக் கோத்து, நடுவுல நிறுத்தமே இல்லாம, மெஷின் குரல்ல ரெண்டே நிமிஷம் ஓடவிட்டாங்க. அப்பறம் அதே சொற்களையும், ஒரு சொல்லோட கடைசியையும் அடுத்த சொல்லோட தொடக்கத்தையும் ஒட்டுன துண்டையும் மாத்தி மாத்திப் போட்டா, குழந்தைங்க வித்தியாசம் கண்டுபிடிச்சு அந்தப் புதுத் துண்டை அதிக நேரம் கவனிச்சதுங்க. எந்த அசைக்கு அடுத்து எது எப்பவும் வருது, எங்க எது வேணாலும் வருதுன்னு காது தானா கணக்கு வச்சிருக்கு. நம்ம வீட்டுல "பணி"க்கு அடுத்து "யாரம்" வந்துடும், "யாரம்"க்கு அடுத்து வேணுமா வரலாம் சுடுதா வரலாம் இந்தா வரலாம், அப்ப சொல் முடியிற எடம் அதுதான்.

ஆனா காதுல விழுந்தா மட்டும் போதும்னு நினைச்சு டிவியைப் போட்டு விட்டுடாதீங்க, இங்கதான் பலபேரு ஏமாறுறாங்க. பட்ரிசியா குல் குழு 2003ல ஒண்ணு செஞ்சாங்க. அமெரிக்காவுல இங்கிலீஷ் வீட்டுல வளர்ற ஒன்பது மாசக் குழந்தைங்களுக்குச் சீன மொழி பேசுறவங்க நேர்ல உக்காந்து புத்தகம் காட்டி, பொம்மை காட்டிப் பேசுனாங்க, ஒரு தடவைக்கு 25 நிமிஷம், மொத்தம் 12 தடவை, நாலு வாரத்துல. அந்தக் குழந்தைங்க சீன ஒலி வித்தியாசத்தை நல்லா கண்டுபிடிச்சதுங்க. இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆளுங்க, அதே பேச்சு, அதே நேரம், ஆனா வீடியோல. அதுங்களுக்கு ஒண்ணுமே ஏறல, சீன மொழியே கேக்காத குழந்தைங்க எங்க இருந்துச்சோ அங்கதான் இருந்துச்சுங்க. பெரியவங்க வீடியோ பாத்து கொஞ்சம் கத்துக்க முடியும்ங்கிறது வேற விஷயம், ஏன்னா நமக்கு எங்க கவனிக்கணும்னு நாமளே முடிவு பண்ணத் தெரியும்.

நேர்ல இருக்கிற ஆள் என்ன கூடுதலா செய்யிறாருன்னா, குழந்தை எதைப் பாக்குதோ அதைப் பத்திப் பேசுறாரு. அது சின்ன விஷயமா தெரியும், ஆனா பெரிய விஷயம். டொமசெல்லோவும் ஃபேராரும் 1986ல பாத்தது இதான்: குழந்தை ஏற்கனவே பாத்துக்கிட்டு இருக்கிற சாமானுக்குப் பேரு சொன்னா அது மனசுல நிக்குது, அதோட கவனத்தை வேற பக்கம் இழுத்து அங்க இருக்கிற சாமானுக்குப் பேரு சொன்னா அந்த அளவு நிக்கல. முற்றத்துல காக்கா வந்து உக்காந்தா குழந்தை அங்கிட்டுத்தான் பாக்கும், நம்ம வீட்டு ஆயாவும் கையில இருக்கிற பணியாரத்தை விட்டுட்டு "காக்கா பாரு, காக்காவுக்கும் பணியாரம் வேணுமாம்"னு காக்கா பின்னாடியே போயிடுவாக. அவுகளுக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தெரியாது, தெரிஞ்சாலும் ஒண்ணும் மாத்தமாட்டாக.

அடுத்தது திருத்தம். நாம நினைக்கிறோம் அம்மா அப்பா தப்பைத் திருத்தித் திருத்தித்தான் குழந்தைக்கு மொழி வருதுன்னு. ரோஜர் பிரவுனும் ஹான்லனும் 1970ல அம்மாக்களோட பேச்சைப் பாத்தப்ப, அவங்க இலக்கணத்தைத் திருத்துறதே அபூர்வம், விஷயம் பொய்யா இருந்தாதான் திருத்துறாங்கன்னு தெரிஞ்சுச்சு. குழந்தை "நாய் வந்தான்"னு சொல்லும், வந்தது நிஜமாவே நாய்தான்னா யாரும் "வந்தான் தப்பு"ன்னு சொல்ல மாட்டாங்க. பூனையைக் காட்டி நாய்னா மட்டும் "இல்லடா, பூனை"ம்பாங்க. அப்ப இலக்கணம் எப்படிச் சரியாகுது? பதில்ல சரியான உருவம் தானா வந்துடுது. "நாய் வந்தான்"னு அது சொன்னா "நாய் வந்துச்சா? எங்க வந்துச்சு? வாசலுக்கு வந்துச்சா?"ன்னு நாம கேப்போம். மூணு தடவை "வந்துச்சு" காதுல விழுந்தாச்சு, அதுவும் குழந்தை சொல்ல நினைச்சதையே சொல்றப்ப, அது நம்ம வாயைப் பாத்துக்கிட்டு இருக்கிறப்ப.

அந்த "நாய் வந்தான்" இருக்கு பாருங்க, அது தப்பு இல்ல, நல்ல சேதி. நாயைப் பாத்து "வந்தான்"னு அதுகிட்ட யாரும் சொன்னதில்ல. அண்ணன் வந்தான், மாமா பையன் வந்தான்னு கேட்டதுல இருந்து அதுவே ஒரு விதி போட்டு நாய் வரைக்கும் நீட்டியிருக்கு. கேட்டதைத் திருப்பிச் சொல்ற கிளியால இந்தத் தப்பைப் பண்ண முடியாது. 1958ல ஜீன் பெர்க்கோ இதை நேராவே சோதிச்சாங்க, இல்லாத ஒரு பறவைக்கு இல்லாத ஒரு பேரு வச்சு, ரெண்டு இருந்தா என்ன சொல்லுவன்னு கேட்டப்ப சின்னக் குழந்தைங்க கேட்டே இருக்காத அந்தச் சொல்லுக்குப் பன்மை விகுதியைச் சரியாப் போட்டுச்சுங்க. இந்தச் சோதனையை உங்களுக்கும் வைக்கப் போறேன், கொஞ்சம் பொறுங்க.

இப்ப எதைக் காப்பி அடிக்கக் கூடாதுன்னு சொல்லிடுறேன். குழந்தை மாதிரி ஒரு வருஷம் சும்மா கேட்டுக்கிட்டே இருக்கிறேன்னு ஆரம்பிக்காதீங்க. அதுக்கு அவ்வளவு நேரம் இருக்கு, உங்களுக்கு இல்ல. தினம் ஆறு மணி நேரம் பேச்சு காதுல விழுதுன்னு குறைச்சே வச்சாலும் மூணு வயசுக்குள்ள 6,500 மணி நேரத்துக்கு மேல ஆயிடும். நீங்க மெஸ்ஸை யாருகிட்ட குடுத்துட்டு வருவீங்க? அதோட பெரியவங்க மந்தம்ங்கிறதும் சரியில்ல. 1978ல ஸ்நோவும் ஹூஃப்நாகல் ஹோலேவும் நெதர்லாந்துக்குக் குடிபோன இங்கிலீஷ்காரக் குடும்பங்களைப் பாத்தாங்க, முதல் மாசங்கள்ல பெரியவங்களும் பன்னெண்டு வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்களும்தான் முன்னாடி போனாங்க, மூணுல இருந்து அஞ்சு வயசுப் பொடிசுங்கதான் கடைசி. போகப்போக பிள்ளைங்க எட்டிப் பிடிச்சுடும், குறிப்பா உச்சரிப்புல, ஆனா தொடக்கத்துல நமக்குத்தான் வேகம். ஒரு விதியைச் சொன்னா புரிஞ்சுக்கிற மூளையை எதுக்கு வீணா மூடி வைக்கணும்.

சரி, உங்க கிச்சனுக்கு வாங்க. உங்களுக்குக் குழந்தைக்கு இருக்கிறதுல பாதி ஏற்கனவே இருக்கு, நேர்ல ஆள் இருக்காங்க, சாமான் கண்ணு முன்னாடி இருக்கு, ஒரே வேலை தினம் நடக்குது. இல்லாதது கொத்து. ஏன்னா உங்க பசங்க இந்நேரம் கிச்சன் தமிழ் கத்துக்கிட்டிருப்பாங்க, நீங்க ஹிந்தில தடுமாறுனா "அண்ணே, அரிசி களுவியாச்சு"ன்னு தமிழ்லயே முடிச்சுடுவாங்க. அவங்களுக்கு வேலை ஆகணும், உங்களுக்கும் வேலை ஆகணும், ஹிந்தி யாருக்கும் தேவைப்படல. பல வருஷம் வெளியூர்ல இருந்தும் அந்த ஊர் பாஷை வராம திரும்புறவங்க கதை பாதி இதான். அந்தக் காலத்துல பர்மா, மலாயான்னு கொண்டுவிக்கப் போனவங்களோட வட்டிக்கடைகள்ல எடுபிடியா, பெட்டியடிப் பையனாப் போன நம்ம ஊரு பிள்ளைங்களுக்கு அந்த சவுகரியம் இல்ல, கடனுக்கு வர்ற ஆளுகிட்ட அந்த ஊர் பாஷைலதான் பேசியாகணும்.

அதனால நேரம் ஒண்ணு ஒதுக்குங்க. காலைல மத்தியானச் சமையலுக்கு அரிசி களையிற அந்த அரை மணி நேரம் மட்டும் ஹிந்தி. முதல் வாரம் நீங்க பேசவே வேணாம், பசங்களை உங்களுக்கு வேலை சொல்லச் சொல்லுங்க, நீங்க செய்ங்க. ஆமா, முதலாளி வேலைக்காரப் பையன் சொல்றதைக் கேக்கணும், முதல் ரெண்டு நாள் ரெண்டு பக்கமும் சிரிப்பாத்தான் இருக்கும். அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கங்க, வேலையைச் செய்யச் சொல்றப்ப ஒரு தடவை, நீங்க செய்யிறப்ப ஒரு தடவை, முடிச்சப்பறம் ஒரு தடவை சொல்லணும். அப்ப அரிசிக்கு இப்படி வரும்:

"சாவல் தோ லோ. தோ லியா? ஹாங், சாவல் தோ லியா. அப் சாவல் சடா தோ."

அரிசியைக் கழுவு, கழுவியாச்சா, ஆமா அரிசி கழுவியாச்சு, இப்ப அரிசியை அடுப்புல ஏத்து. உடனே அடுத்து பருப்பு:

"தால் தோ லோ. தோ லீ? ஹாங், தால் தோ லீ. அப் தால் சடா தோ."

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா ஒண்ணு கண்ணுல குத்தும், அரிசிக்கு லியா, பருப்புக்கு லீ. கழுவுனது நீங்கதான், ரெண்டு தடவையும் ஆம்பளைதான். பின்ன ஏன் மாறுச்சு? ஹிந்தில இந்த மாதிரி முடிஞ்சுபோன வேலைக்கு வினைச்சொல் செஞ்ச ஆளைப் பாக்காது, செய்யப்பட்ட சாமானைப் பாக்கும், சாவல் ஆண்பால், தால் பெண்பால். தமிழ்ல கழுவுனான் கழுவுனான்னு ஆளைப் பாத்தே பழகுன நமக்கு இது ஏறவே ஏறாது. தமிழ்க்காரங்க வழக்கமா எல்லாத்துக்கும் லியான்னு போட்டுடுவாங்க, நான் ஆம்பளைதானேன்னு ஒரு நினைப்பு. இதுல குழப்பத்தைக் கூட்டுறது என்னன்னா "தோ லூங்கா", அதாவது கழுவிடுறேன்னு இனிமே நடக்கப்போறதைச் சொல்றப்ப ஆளைத்தான் பாக்கணும், பொம்பளை சொன்னா தோ லூங்கீ. இந்த விதியை நான் நாலு வரில சொல்லிட்டேன், நீங்களும் புரிஞ்சுக்கிட்டீங்க, இது குழந்தைக்குக் கிடைக்காத சலுகை. ஆனா புரிஞ்சது வாயில வராது, வாயில வர்றதுக்குக் கொத்துதான் வேணும்.

அப்பறம் ஒவ்வொரு நாளும் ஒரு சாமானை மட்டும் மாத்துங்க, மத்தது அப்படியே நிக்கட்டும். சிக்கன் தோ லியா, மச்லி தோ லீ. வேலையை மாத்துறப்ப சாமானை மாத்தாதீங்க, சாவல் தோ லியான்னு பழகுனதுக்கு அப்பறம் சாவல் பனா லியா, அப்பறம் சாய் பனா லீ, சப்ஜி பனா லீ, சப்ஜி காட் லீ. ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்துனீங்கன்னா எது நிக்குது எது மாறுதுன்னு காதுக்குப் பிடிபடாது, திரும்ப ஆப் கணக்குதான்.

ரெண்டாவது வாரம் நீங்க பதில் சொல்ல ஆரம்பிங்க, வெறும் "லியா", "லீ"ன்னு ஒத்தைச் சொல்லு போதும், பிறகு "தோ லியா", பிறகு முழுசா. திருத்தம் எப்படின்னா, நீங்க "தால் தோ லியா"ன்னா பையன் "தப்பு அண்ணே"ன்னு சொல்ல வேணாம், "ஹாங், தால் தோ லீ"ன்னு பதில் சொன்னாப் போதும், ஆயா சொல்ற மாதிரி. ஆனா இதுல பெரியவங்களுக்கு ஒரு ஆபத்து இருக்கு. லிஸ்டரும் ரந்தாவும் 1997ல பிரெஞ்சு மொழி வகுப்புகள்ல பாத்தப்ப, ஆசிரியர்கள் அதிகம் பயன்படுத்துற திருத்தம் இப்படிச் சரியாத் திருப்பிச் சொல்றதுதான், பிள்ளைங்க அதைக் கவனிச்சுத் தன் பேச்சை மாத்துறது மத்த முறைகளைவிட அதுல குறைச்சல். ஏன்னா அது ஆமோதிக்கிற மாதிரியே கேக்குது, சரி புரிஞ்சுக்கிட்டான்னு நாம அடுத்த வேலைக்குப் போயிடுறோம். அதனால நீங்க ஒரு பழக்கம் வச்சுக்கங்க, அவன் சொன்ன பதிலை உடனே ஒரு தடவை நீங்க திருப்பிச் சொல்லணும், "ஹாங், தோ லீ".

ஒலியைப் பத்திச் சொல்லாம விட முடியாது. மேல நான் தமிழ்ல எழுதுன "சாவல் தோ லோ"வையும் "சடா தோ"வையும் இன்னொரு தடவை பாருங்க. ரெண்டுலயும் "தோ" இருக்கு, ஆனா ரெண்டும் வேற வேற. கழுவுற தோவுல தொண்டைல இருந்து மூச்சு கலந்து வரும், குடுன்னு அர்த்தம் உள்ள தோவுல மூச்சு வராது. நீங்க "சாவல் தோ"ன்னு மூச்சில்லாம சொன்னா பையன் அரிசியைக் கழுவ மாட்டான், எடுத்துக் கையில குடுப்பான். தமிழ் எழுத்துல எழுதி வச்சுப் படிச்சா இந்த வித்தியாசம் நோட்டுலயே செத்துப்போகும், அதனால நோட்டுல எழுதாதீங்க, ஃபோன்ல வாய்ஸ் ரெக்கார்ட் பண்ணுங்க. வொர்க்கரும் டீஸும் 1984ல காட்டுனது, ஆறேழு மாசத்துல அந்நிய மொழி ஒலிகளைப் பிரிச்சுக் கேக்கத் தெரிஞ்ச குழந்தைங்க, தன் வீட்டு மொழில அந்த வித்தியாசம் இல்லைன்னா ஒரு வயசு நெருங்குறப்ப அதை விட்டுடுதுங்க. நம்ம காதுக்கும் அதான் நடந்திருக்கு, ஆனா நிரந்தரமா மூடிடல. ஜப்பான்காரங்களுக்கு இங்கிலீஷ் ர, ல வித்தியாசம் கேக்காது, அவங்களுக்குப் பல பேரோட குரல்ல அந்தச் சொற்களைக் கேக்க வச்சுப் பழக்குனப்ப முன்னேற்றம் வந்துச்சு, ஒரே ஆள் குரல்ல பழகுனவங்களுக்குப் புது ஆள் பேசுனா அது கைகொடுக்கல. உங்களுக்கு ரெண்டு பையன் இருக்காங்களே, ரெண்டு பேர் குரல்லயும் எடுங்க, மார்க்கெட்டுல பானிபூரி போடுற ஆள் பழக்கம்னா அவரையும் விடாதீங்க. கலைச்சுப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டு எந்த தோன்னு சொல்லிப் பாருங்க.

ஏறுதா இல்லையான்னு எப்படித் தெரியும்? முதல் அறிகுறி, "தால்"னு காதுல விழுந்ததும் பருப்புன்னு மனசுக்குள்ள தமிழ்ல சொல்லிக்காமலே கை பருப்புச் சட்டிக்குப் போகும். ஒரு வயசுக் குழந்தை பேசாது, ஆனா "செருப்பு எங்க"ன்னா வாசப்பக்கம் பாக்கும், அந்தக் கட்டம் அது. ரெண்டாவது, நான் சொன்ன சோதனை. பையன்கிட்ட அவங்க பக்கத்துப் பலகாரம் ஒண்ணு பேரு சொல்லச் சொல்லுங்க, நீங்க கேட்டிருக்கவே கூடாது. கச்சோரின்னு சொல்றான்னு வைங்க, யோசிக்காம "கச்சோரி பனா லீ?"ன்னு உங்க வாயில வந்துச்சுன்னா, ஈ சத்தத்துல முடிஞ்சா பெரும்பாலும் பெண்பால்ங்கிற கணக்கை உங்க காது தானாவே போட்டாச்சுன்னு அர்த்தம். அதே வேகத்துல ஒரு நாள் "பானி பீ லீ?"ன்னு கேப்பீங்க, பையன் சிரிப்பான், ஏன்னா பானி ஈ சத்தத்துல முடிஞ்சாலும் ஆண்பால், பானி பீ லியான்னுதான் கேக்கணும். நெய்க்கு உள்ள கீயும் அப்படித்தான். அதுதான் உங்க "நாய் வந்தான்", அதுக்குக் கூச்சப்படாதீங்க. மாசம் ரெண்டாகியும் இந்த மாதிரி ஒரு தப்பு கூட வரல, எல்லாமே சரியா வருதுன்னா சந்தேகப்படுங்க, கேட்டதை அப்படியே ஒப்பிக்கிறீங்க, உள்ளுக்குள்ள விதி எதுவும் உருவாகல. அப்ப சாமான்களை இன்னும் வேகமா மாத்தணும்.

கடைசியா ஒண்ணு, வேலைக்கு ஆள் மாறுறப்ப கவனிங்க. ஆக்ரா பசங்க ஹோலிக்கு ஊருக்குப் போய் அந்த இடத்துக்கு பீகார் பக்கத்துப் பையன் வந்தான்னா, அந்தப் பக்கத்துப் பேச்சுல இந்த லியா லீ வித்தியாசம் பல பேருக்கு இவ்வளவு கறாரா இருக்காது, நீங்க படிச்சது தப்போன்னு குழம்பாதீங்க. குழந்தையா இருந்தா அவன் பேசுறதையே பிடிச்சுக்கும். உங்களுக்கு எது வேணுமோ அதைப் பேசுற ஆளோட ரெக்கார்டை அழிக்காம வச்சிருங்க, புதுப் பையன்கிட்ட அவன் பேச்சையே பேசுங்க.